முதல் பிரதிவாதி

ஜான்சனைத் தெரிந்தவர்களிடம் கேட்டால் முதலில் அவன் கோபத்தைத்தான் சொல்வார்கள். ஸ்பேனரை இடம் மாற்றி வைத்தால் கத்துவான். டீ ஆறிப்போனால் கத்துவான். ஆனால் தோல் ஊறும் பெரிய மர டிரம் சுற்றும் சத்தத்தைக் கேட்டே, உள்ளே எந்தப் பல்சக்கரம் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவான். அதனால் ஆம்பூருக்கு வெளியே பாலாற்றை ஒட்டியிருந்த அந்தத் தோல் கம்பெனியில் அவனுடைய கத்தலைப் பன்னிரண்டு வருடம் பொறுத்துக்கொண்டார்கள்.

2009-ல் மெக்கானிக்காகச் சேர்ந்தான். சம்பளம், பி.எஃப்., காக்கிச் சட்டை எல்லாம் இருந்தது. 2017-ல் செந்தில்குமார் என்று ஒரு புது மேனேஜர் வந்தார். மராமத்துப் பிரிவில் இருந்த ஐந்து பேரையும் ஒரு நாள் ஆபீசுக்குக் கூப்பிட்டு, ஆளுக்கு ஒரு ஒப்பந்தத்தை நீட்டினார். வேலை அதேதான், நேரமும் அதேதான், பெயர் மட்டும் மாறுகிறது என்றார். அதற்குப் பிறகு பி.எஃப். நின்றது. மாதக் கடைசியில் சம்பளச் சீட்டுக்குப் பதிலாக ஒரு பில் வந்தது. அதன் தலைப்பில் ‘ஜான்சன் மெக்கானிக்கல் ஒர்க்ஸ்’ என்று கொட்டை எழுத்தில் இருந்தது. அதை அச்சடித்தது கம்பெனி ஆபீஸ். ஜான்சன் கீழே கையெழுத்து மட்டும் போட்டான். தன் பேரில் ஒரு ஒர்க்ஸ் இருப்பதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தான். மற்ற நால்வரும் சிரித்தார்கள்.

சிரிப்பு 2021 ஜூலை வரை ஓடியது.

அந்த மாதம் வெளிநாட்டு வாடிக்கையாளரின் ஆட்கள் கம்பெனியைச் சோதனை போட வருவதாக இருந்தது. ரசாயனக் கிடங்கின் கூரையில் நாலு தகரத் தகடுகள் காற்றில் பெயர்ந்து கிடந்தன. கிடங்கின் பின்சுவர் தெருவை ஒட்டியது. சோதனைக்கு முதல் நாள் காலை செந்தில்குமார் ஜான்சனையும் இன்னொரு மெக்கானிக்கான மஹீனையும் கூப்பிட்டு, மதியத்துக்குள் பழைய தகடுகளை இறக்கிப் புதியதைப் போடச் சொன்னார். ஜான்சன் மேலே, மஹீன் தெருவில் நின்று ஆட்களைத் தடுக்க வேண்டும் என்று பேச்சு. பத்து மணிக்கு மேனேஜர் வந்து மஹீனைப் பம்ப் ரூமுக்கு அனுப்பிவிட்டார். தெருவில் யாரும் இல்லை என்பது ஜான்சனுக்குத் தெரியும். தகட்டைக் கயிற்றில் கட்டித்தான் இறக்க வேண்டும் என்பதும் தெரியும். கயிறு கீழே இருந்தது. இறங்கி எடுத்து ஏறக் கால் மணி நேரமாகும். அவன் இறங்கவில்லை.

மூன்றாவது தகட்டின் ஆணியைப் பெயர்த்தபோது அது அவன் கையை விட்டு நழுவிச் சுவருக்கு அந்தப் பக்கம் போய் விழுந்தது. அலறல் கேட்டது.

முத்துமாரிக்கு அப்போது முப்பத்து நாலு வயது. வீட்டில் ரவிக்கை தைத்துக் கொடுப்பவள். தைத்த துணியைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு அந்தத் தெரு வழியாகத் திரும்பிக்கொண்டிருந்தாள். தகட்டின் முனை வலது மணிக்கட்டுக்கு மேலே இறங்கி நரம்புகளை வெட்டிவிட்டது. ஜான்சன் ஓடி வந்து தன் சட்டையைக் கழற்றி அவள் கையைச் சுற்றிக் கட்டினான். ஆட்டோ வருவதற்குள் கூட்டம் சேர்ந்து அவனை அடித்தது. அடித்தவர்களில் முத்துமாரியின் கணவன் வேலுவும் உண்டு. ஜான்சன் தடுக்கவில்லை.

வேலூரில் இரண்டு அறுவை சிகிச்சை நடந்தது. கை இருந்தது, ஆனால் மூன்று விரல்கள் மடங்கவில்லை. ஊசியில் நூல் கோர்க்க முடியாது, கத்தரிக்கோல் பிடிக்க முடியாது. போலீஸ் ஜான்சன் மேல் கவனக்குறைவு வழக்குப் போட்டது. அவன் குற்றத்தை ஒப்புக்கொண்டான், அது அபராதத்தோடு முடிந்தது. கம்பெனியிலிருந்து ஒருவரும் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. ஜான்சன் ஒரு முறை பழம் வாங்கிக்கொண்டு போனான். வேலு அந்தப் பையை வராந்தாவிலேயே விசிறி எறிந்தான்.

அடுத்த வருடத் தொடக்கத்தில் முத்துமாரி நஷ்ட ஈடு கேட்டு ஆம்பூர் முன்சீப் கோர்ட்டில் வழக்குப் போட்டாள். அவளுடைய வக்கீல் தூபா என்ற இளம்பெண். முதல் பிரதிவாதி ஜான்சன், இரண்டாம் பிரதிவாதி கம்பெனி. தகட்டைப் போட்டவன் ஜான்சன், அவன் கம்பெனியின் ஆள், கம்பெனி வேலையைச் செய்யும்போது போட்டான், ஆகவே இரண்டு பேரும் பொறுப்பு என்பதுதான் வழக்கு.

சம்மன் வந்த மூன்றாம் நாள் செந்தில்குமார் அவனைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். நாற்காலி கொடுத்தார். பன்னிரண்டு வருடத்தில் அந்த அறையில் ஜான்சன் உட்கார்ந்தது அன்றுதான். மேஜையில் ஒரு வக்காலத்தும், டைப் செய்த நாலு பக்கமும் இருந்தன.

“உனக்கும் சேத்து நம்ம வக்கீலே பாத்துப்பாரு. நீ செலவு பண்ண வேணாம். இதுல கையெழுத்து போட்டா போதும்.”

“இது இன்னா சார்?”

“கோர்ட்டுக்கு உன் பதில். வழக்கமா போடுறதுதான்.”

“வீட்ல காட்டிட்டு நாளைக்குக் கொண்டாறேன் சார்.”

செந்தில்குமாரின் முகம் மாறியது. வீட்டில் காட்டுவதற்கு இது கல்யாணப் பத்திரிகையா என்று கேட்டார். ஜான்சன் நாலு பக்கத்தையும் மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டான்.

அவன் மனைவி கிறிஸ்டினா ஒரு ஆஸ்பத்திரி வார்டில் உதவியாளர். வார்டில் நோயாளிகளின் படிவங்களை நிரப்பிக் கொடுத்துப் பழகியவள், எதையும் கடைசி வரி வரை படிப்பாள். அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்து படித்தாள். இரண்டாம் பக்கத்தில் நிறுத்தி, மறுபடி மேலிருந்து படித்தாள். பிறகு சத்தமாக வாசித்தாள். ‘நான் சொந்தமாகத் தொழில் நடத்தி வருபவன். என் வேலையை என் விருப்பப்படி, என் சொந்தக் கருவிகளைக் கொண்டு செய்பவன். இரண்டாம் பிரதிவாதிக்கு என் மேல் எந்தக் கட்டுப்பாடும் இல்லை. சம்பவத்துக்கு நான் ஒருவனே பொறுப்பு.’

“நீ கையெழுத்து போட்டா, அந்தப் பொண்ணுக்குத் தர வேண்டியது அத்தனையும் உன் தலையில. கம்பெனி கழண்டுக்கும்” என்றாள்.

ஜான்சன் தப்பு தன்னுடையதுதானே என்றான். கயிறு கட்டாதது நான்தானே என்றான். தப்பு வேறு, பொய் வேறு என்று கிறிஸ்டினா சொன்னாள். யார் ஏறச் சொன்னது, யார் மஹீனைக் கூப்பிட்டுக்கொண்டு போனது, அது எங்கே இந்த நாலு பக்கத்தில் என்று கேட்டாள். அவள் மேல் கோபப்பட்டான், பிறகு சாப்பிடாமல் படுத்தான்.

மறுநாள் கையெழுத்தில்லாமல் காகிதங்களைத் திருப்பிக் கொடுத்தான். அதற்கு அடுத்த நாள் கம்பெனி கேட் திறக்கவில்லை. வாட்ச்மேன் பட்டியலில் பெயர் இல்லை என்றார். ஒரு மணி நேரம் நின்ற பிறகு செந்தில்குமார் வெளியே வந்தார். வேலையை விட்டு நிறுத்திவிட்டீர்களா என்று ஜான்சன் கேட்டான்.

“நீ எங்க ஸ்டாஃபே இல்லயே. இல்லாதவனை எப்படிப்பா வேலைய விட்டு நிறுத்தறது?”

பக்கத்தில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். ஜான்சன் கையை ஓங்கப் போனான். வாட்ச்மேன் அவன் தோளைப் பிடித்துத் தெருப் பக்கம் திருப்பிவிட்டார்.

கோர்ட் வளாகத்தில் இருந்த இலவச சட்ட உதவி மையத்தில் சாமிநாதன் என்ற வயதான வக்கீலை அவனுக்குக் கொடுத்தார்கள். அவர் முகத்தைப் பார்க்காமல் பேசுகிறவர். ஒப்பந்தத்தையும் பில்களையும் புரட்டிவிட்டு, காகிதத்தில் என்ன பெயர் எழுதியிருக்கிறது என்பதோடு கோர்ட் நின்றுவிடாது என்றார். வேலையை யார் கொடுக்கிறார்கள், எப்படிச் செய்ய வேண்டும் என்று யார் சொல்கிறார்கள், கருவி யாருடையது, வரும் நேரம் போகும் நேரம் யார் வைத்தது, லீவு யாரிடம் கேட்கிறாய், வேறு இடத்தில் உனக்குத் தொழில் உண்டா, லாப நஷ்டம் உன்னுடையதா என்று எல்லாவற்றையும் சேர்த்துப் பார்ப்பார்கள். தன் தொழிலைத் தானே நடத்துகிறவனா, அடுத்தவர் தொழிலுக்குள் ஒரு ஆளா என்பதுதான் கேள்வி.

ஜான்சன் முகம் தெளிந்ததைப் பார்த்து அவர் குரலை உயர்த்தினார். “சந்தோஷப்படாதே. கம்பெனி ஆளுன்னு நிரூபிச்சாலும் உன் பேரு தீர்ப்புல இருந்து போகாது. தப்பு உன்னுது. கூட அவங்க பேரும் சேரும். அவ்ளோதான்.”

இதில்தான் ஒரு விநோதம் இருந்தது. ஜான்சன் கம்பெனியின் தொழிலாளி என்று நிரூபணமானால்தான் முத்துமாரிக்கு ஏதாவது கைக்கு வரும். வாடகை வீட்டுக்காரனான ஜான்சனிடம் என்ன வாங்க முடியும்? ஆக, அவள் கையைக் கெடுத்தவன் சாட்சிக் கூண்டில் நன்றாகப் பேச வேண்டும் என்பது அவளுடைய தேவையாகிவிட்டது. இது வேலுவுக்குப் பொறுக்கவில்லை. ஒரு வாய்தா அன்று கோர்ட் வாசலில் ஜான்சனின் சட்டையைப் பிடித்து, “நீ ஜெயிக்கணும்னு எங்களை வேண்டிக்க வெச்சிட்டியே” என்று உலுக்கினான். தூபா வந்து விலக்கினார். ஜான்சனிடம் திரும்பி, அவன் தன் கட்சிக்காரரிடமோ அவர் கணவரிடமோ பேசக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார். அவருக்கும் அவன் எதிர்க்கட்சிதான்.

விசாரணை தொடங்க இன்னும் ஒரு வருடம் ஆனது. முத்துமாரி முதலில் கூண்டில் ஏறினாள். விரலை மடக்கிக் காட்டச் சொன்னார்கள். மடக்கப் பார்த்தாள், இரண்டு விரல்தான் மடங்கின. ஜான்சன் தரையைப் பார்த்தான். கம்பெனி வக்கீல் எழுந்து, தெருவில் செல்போனில் பேசிக்கொண்டே போனாயா என்று கேட்டார். தன்னிடம் அன்று செல்போனே இல்லை, இரண்டு கையிலும் புதிதாகத் தைக்க வாங்கிய துணிப்பை இருந்தது என்றாள்.

சாமிநாதன் ஏற்கெனவே ஒரு மனுப் போட்டிருந்தார். கம்பெனி தன் கேட் வருகைப் பதிவேட்டைக் கோர்ட்டில் காட்ட வேண்டும் என்று. கோர்ட் உத்தரவிட்டது. பதிவேடுகள் கரையான் அரித்துவிட்டன என்று கம்பெனி பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்தது. மூன்று வருடத்துப் பதிவேட்டைத் தின்ற கரையான், அதே அலமாரியில் இருந்த பில்களை மட்டும் தொடவில்லை என்று சாமிநாதன் நீதிபதியைப் பார்த்துச் சாவதானமாகச் சொன்னார்.

ஜான்சன் கூண்டில் இருந்தது ஒன்றரை நாள். கம்பெனி வக்கீல் பில்களை ஒவ்வொன்றாகக் காட்டி, இது உன் கையெழுத்தா, இது உன் கையெழுத்தா என்று கேட்டுக்கொண்டே போனார். ஆமாம், ஆமாம் என்றான். ஒப்பந்தக்காரனுக்குப் பிடிக்கும் வரியைத்தான் உனக்கும் பிடித்தார்கள், நீ ஆட்சேபிக்கவில்லையே? ஆட்சேபிக்கவில்லை. வாலாஜாபேட்டையில் ஒரு வீட்டுக்கு இரும்புக் கேட் செய்து கொடுத்தாயா? கொடுத்தேன், ஒரு ஞாயிற்றுக்கிழமை. அப்படியென்றால் உனக்கு வெளியே தொழில் உண்டு. ஒரே ஒரு கேட்டுங்க. ஒப்பந்தத்தைப் படித்துத்தானே கையெழுத்துப் போட்டாய்? படிக்கவில்லை. படிக்காதது யார் தப்பு? என் தப்பு.

அடி மேல் அடியாக விழுந்தது. மதியத்துக்குப் பிறகு சாமிநாதன் எழுந்து, பழுப்பேறிய ஒரே ஒரு தாளை அவனிடம் காட்டினார். 2019-ல் செந்தில்குமார் கையெழுத்தோடு கம்பெனி அவனுக்குக் கொடுத்த மெமோ அது. மூன்று நாள் தாமதமாக வந்ததற்கும், மேனேஜரிடம் முன் அனுமதி வாங்காமல் லீவு எடுத்ததற்கும் ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று கேட்டிருந்தது. ஆத்திரத்தில் கிழித்துப் போடாமல் அவன் அதைப் பைபிளுக்குள் வைத்திருந்தான். கிறிஸ்டினா தேடி எடுத்துக் கொடுத்தாள்.

“இதுக்கு நீங்க இன்னா பண்ணீங்க?”

“மன்னிப்பு லெட்டர் எழுதிக் கொடுத்தேன். ஒரு நாள் சம்பளம் புடிச்சாங்க.”

கம்பெனி வக்கீல் அந்தத் தாளை வாங்கிப் பார்த்தார், வெகுநேரம் பார்த்தார், திருப்பிக் கொடுத்தார்.

பிறகு தூபாவின் முறை. அவர் ஜான்சனுக்கு எந்தச் சலுகையும் காட்டவில்லை. அந்தத் தெருவில் ஆள் நடமாட்டம் உண்டு என்று தெரியுமா? தெரியும். கயிறு கட்டினாயா? இல்லை. ஏன்? இறங்கச் சோம்பல்பட்டேன். கீழே யாரையாவது கூப்பிட்டுப் பார்த்தாயா? இல்லை. அந்தப் பதில்களின்போது ஜான்சனின் குரல் குறைந்துகொண்டே வந்ததால் நீதிபதி சத்தமாகச் சொல்லச் சொன்னார். “சோம்பல்பட்டேன்” என்று அவன் மறுபடி சொன்னான். பின் பெஞ்சில் வேலு எழுந்து வெளியே போனான்.

கம்பெனி தரப்புக்கு மஹீன் சாட்சி சொல்ல வந்தான். பத்து வருடம் ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்டவன். ஜான்சன் இஷ்டத்துக்கு வருவான் போவான், தன்னையே அவன்தான் வேலைக்கு வைத்திருந்தான் என்று ஒப்பித்தான். ஜான்சன் பக்கம் அவன் திரும்பவே இல்லை. குறுக்கு விசாரணையில் சாமிநாதன் அன்று காலை நடந்ததை மட்டும் கேட்டார். தெருவில் நின்றுகொண்டிருந்த உன்னைப் பம்ப் ரூமுக்குப் போகச் சொன்னது யார்?

“மேனேஜர் சார்.”

“உன்னை வேலைக்கு வெச்ச ஜான்சன் கிட்ட கேட்டியா?”

மஹீன் விழித்தான். கேட்கவில்லை என்றான். மேனேஜர் சொன்னால் போக வேண்டியதுதானே என்று அவனாகவே சேர்த்துச் சொன்னான். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கு உறைத்தது.

கடைசியில் கம்பெனி வக்கீல் வேறு வழியில் வந்தார். ஒருவேளை இவன் தொழிலாளியாகவே இருந்தாலும், கயிறு கட்டித்தான் இறக்க வேண்டும் என்று மேனேஜர் சொல்லியிருந்தார், அதை மீறியது அவன் சொந்தச் செயல், அதற்குக் கம்பெனி எப்படிப் பொறுப்பாகும் என்று வாதாடினார். செந்தில்குமாரும் கூண்டில் ஏறி அப்படியே சொன்னார்.

தீர்ப்பு 2024 டிசம்பரில் வந்தது. ஒப்பந்தத்தின் பெயரைக் கோர்ட் ஏற்கவில்லை. நேரம், கருவி, லீவு, தண்டனை எல்லாம் கம்பெனியின் கையில் இருந்தன. ஞாயிற்றுக்கிழமை செய்த ஒரு கேட், தனித் தொழில் ஆகிவிடாது. காட்ட வேண்டிய பதிவேட்டைக் காட்டாததால், காட்டியிருந்தால் அது கம்பெனிக்குப் பாதகமாக இருந்திருக்கும் என்றே கொள்ள வேண்டும். கயிறு விஷயத்தில், சொன்ன வேலையைத் தவறான விதத்தில் செய்வது வேலைக்கு வெளியே போவதாகாது. கூரை கம்பெனியுடையது, நேரம் கம்பெனியுடையது, பலனும் கம்பெனிக்குத்தான். பொதுத் தெருவுக்கு மேல் ஆபத்தான வேலை செய்யும்போது ஒப்பந்தக்காரனைக் காட்டியும் தப்பிக்க முடியாது என்று தூபா இன்னொரு வாதமும் வைத்திருந்தார். அதற்குள் போக அவசியமில்லை என்று நீதிபதி விட்டுவிட்டார். முதல் பிரதிவாதி, இரண்டாம் பிரதிவாதி இருவரும் கூட்டாகவும் தனித்தனியாகவும் பொறுப்பு. முத்துமாரி முழுத் தொகையையும் யாரிடமிருந்து வேண்டுமானாலும் வசூலிக்கலாம்.

வராந்தாவில் ஜான்சன் முத்துமாரியின் எதிரே போய் நின்றான். தூபா சொன்ன கண்டிப்பு நினைவில் இருந்தும் போனான். மன்னிச்சிடும்மா என்று ஆரம்பித்தான்.

வேலு முன்னால் வந்தான். முத்துமாரி இடது கையால் அவனைத் தடுத்தாள்.

“நீ எனக்காகச் சொல்லல. உன் தலைய காப்பாத்திக்கச் சொன்ன. அது எனக்கும் உதவிச்சு, சரி. அதுக்காக உன்னை மன்னிக்கணும்னு எனக்கு ஒண்ணும் இல்ல.”

“சரிம்மா” என்றான் ஜான்சன். அவள் படியிறங்கிப் போகும்வரை ஓரமாக ஒதுங்கி நின்றான். அவள் சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை என்று அன்று கிறிஸ்டினாவிடம் சொன்னான்.

கம்பெனி சும்மா இருக்கவில்லை. சப் கோர்ட்டில் அப்பீல் போட்டது. பாதித் தொகையைக் கட்டினால்தான் தீர்ப்பை நிறுத்தி வைக்க முடியும் என்று உத்தரவானதால் கட்டியது. அதில் ஒரு பகுதியை எடுத்துக்கொள்ள முத்துமாரிக்கு அனுமதி கிடைத்தது. ஜான்சனுக்கும் ஒரு நோட்டீஸ் வந்தது. அப்பீலில் தோற்றால், தாங்கள் கொடுக்கும் ஒவ்வொரு பைசாவையும் கவனக்குறைவாக நடந்த அவனிடமிருந்து திருப்பிக் கேட்டு வழக்குப் போடுவோம் என்று அதில் எழுதியிருந்தது. அப்படிக் கேட்க முடியுமா என்று அவன் பதறிப்போய்க் கேட்டான். கேட்கலாம், ஆளைத் தெருவிலிருந்து எடுத்தது அவர்கள் மேனேஜர்தான் என்று நாம் பதில் சொல்லலாம், அதை அப்போது பார்ப்போம் என்றார் சாமிநாதன், முகத்தைப் பார்க்காமல்.

ஆம்பூரிலும் பேரணாம்பட்டிலும் எந்தத் தோல் கம்பெனியும் அவனை எடுக்கவில்லை. வேலை இருக்கிறது என்று சொன்ன இடத்திலும் பெயரைக் கேட்டதும் இல்லை என்றார்கள். இப்போது குடியாத்தத்தில் லுங்கி நெய்யும் விசைத்தறிக் கொட்டகை ஒன்றில் மெக்கானிக்காக இருக்கிறான். சேர்ந்த நாளில் நியமனக் கடிதம் வேண்டும் என்று கேட்டான். முதலாளி வேலை வேண்டுமா கடிதம் வேண்டுமா என்று கேட்டார். வேலை என்றான். வேறென்ன சொல்வான்.

போன மாதம் அப்பீலுக்கு வாய்தா இருந்தது. வழக்குக் கூப்பிடுவதற்கு இரண்டு மணி நேரம் ஆனது. வராந்தாவில் ஒரே ஒரு பெஞ்சில்தான் இடம் இருந்தது. ஒரு கோடியில் முத்துமாரியும் வேலுவும், மறு கோடியில் ஜான்சன். நடுவில் தூபாவின் வழக்குக் கட்டுகள். பெயர் கூப்பிட்டதும் மூன்று பேரும் எழுந்தார்கள்.